டைம்அவுட்டா, வார்த்தை ஃபில்டரா? லைவ் நடுவே வசைக் கமெண்டை அகற்றும் வழிகள், ஒப்பீடு

யூடியூபில் லைவ் நடத்துபவர்கள் சாட் பற்றிக் கேட்கும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. திட்டி எழுதுகிற ஆளைக் கொஞ்ச நேரம் மியூட் செய்வது நல்லதா, திட்டும் சொற்களை முன்கூட்டியே பிளாக் லிஸ்டில் போட்டுவைப்பது நல்லதா? இரண்டையும் செய்யுங்கள் என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் லைவில் உங்களுக்கு இருப்பது இரண்டு கண், இரண்டு கை. அவையும் பெரும்பாலும் கேமரா முன்னால் வேலையாக இருக்கும். எதை முதன்மையாக நம்புவது, எதைத் துணைக்கு வைப்பது என்று லைவ் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

நான் சில சேனல்களுக்கு சாட் பார்த்துக்கொடுக்கிறேன். இங்கே எழுதுவது யூடியூப் லைவை மனத்தில் வைத்து. ட்விட்ச்சில் மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, அந்தக் கமெண்ட் எத்தனை நொடி மற்றவர்கள் கண்ணில் படுகிறது என்பது. கையால் அகற்றும் எந்த வழியிலும் யாராவது படித்த பிறகுதான் கமெண்ட் போகும். ஃபில்டர் மட்டுமே வருமுன் தடுக்கும்.

இரண்டாவது, அது யாருடைய கவனத்தைத் தின்கிறது. பேசிக்கொண்டிருப்பவரே மெனுவைத் திறந்து ஆளைத் தேடினால் பேச்சு தடுமாறும், முகம் மாறும். திட்டியவருக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்றாவது, தவறாக அடிபடுகிறவர்கள் எத்தனை பேர், அப்படி அடிபட்டது உங்களுக்குத் தெரியவருமா என்பது. தமிழில் இது மற்ற மொழிகளைவிடச் சிக்கலானது. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான்காவது, லைவ் முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது. சாட் ரீப்ளே, ஆதாரம், அவசரத்தில் மாற்றிவிட்டு மறந்துபோன செட்டிங் எல்லாம் இதில் அடங்கும்.

## ஒரு கமெண்டை மட்டும் நீக்குவது

கமெண்டின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு `Remove` கொடுப்பது. ஆளுக்கு எந்தத் தண்டனையும் இல்லை, அவர் அடுத்த கமெண்டை உடனே எழுதலாம். வழக்கமாக வந்து நன்றாகப் பேசுகிறவர் ஒருநாள் கோபத்தில் வார்த்தை விட்டுவிட்டால் இது போதும். அதற்குமேல் இதை நம்பிப் பயனில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. மொபைலில் சாட் வேகமாக ஓடும்போது நீங்கள் தொடும் நேரத்தில் வரி மேலே நகர்ந்துவிடும், அடுத்தவர் கமெண்டைத் தொட்டுவிடுவீர்கள். லேப்டாப்பில் சாட்டைத் தனி விண்டோவாகத் திறந்து கொஞ்சம் மேலே ஸ்க்ரோல் செய்தால் ஓட்டம் நிற்கும். பிறகு நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

## டைம்அவுட்: ஆளை நேரம் வைத்து நிறுத்துவது

அதே மெனுவில் `Put user in timeout` இருக்கிறது. 10 நொடி, 1 நிமிடம், 5, 10, 30 நிமிடம், 24 மணி நேரம் என்று கால அளவைத் தேர்ந்தெடுக்கலாம். ட்விட்ச்சில் சாட் பெட்டியிலேயே தட்டச்சு செய்யலாம். நேரம் குறிப்பிடாவிட்டால் அங்கே 10 நிமிடம், அதிகபட்சம் இரண்டு வாரம்.

```
/timeout பயனர்பெயர் 1800
```

எண் நொடிக் கணக்கு, எனவே 1800 என்றால் அரை மணி நேரம்.

எந்த அளவை எதற்குப் போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வசைக்கு 10 நொடி போடுவது வீண், அவர் அடுத்ததைத் தட்டச்சு செய்யவே அவ்வளவு நேரம் ஆகும். ஒரே எமோஜியை வரிவரியாகக் கொட்டுகிற சிறுவர்களுக்கு அது சரி. கிரிக்கெட் லைவில் இரண்டு ரசிகர்கள் மாறிமாறி முட்டிக்கொள்ளும்போது 5 நிமிடம் சரியான அளவு, ஆனால் இருவருக்கும் போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் சண்டை உங்கள் பக்கம் திரும்பும். பெண் தொகுப்பாளரின் உடலைப் பற்றி எழுதுகிறவருக்கு 5 நிமிடம் கொடுப்பது அவருக்கு இடைவேளை கொடுப்பதுதான். ஒரு மணி நேர லைவில் 30 நிமிடம் போட்டால்கூட முடிவதற்குள் திரும்பி வரலாம். அந்த மாதிரி ஆளுக்கு 24 மணி நேரம் போடுங்கள், அல்லது நேராக `Hide user on this channel` போய்விடுங்கள். அப்படி மறைக்கப்பட்டவருக்கு அறிவிப்பு ஏதும் போகாது. அவர் எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது, பழைய வீடியோக்களின் கீழ் எழுதும் கமெண்டும் சேர்த்துத்தான்.

டைம்அவுட்டின் பலம், மனிதர் ஒருவர் வாக்கியத்தைப் படித்து முடிவு செய்வது. தமிழில் வசையில் பாதி கெட்ட வார்த்தையே இல்லாமல் வரும். ‘வீட்ல கேக்க ஆள் இல்லையா?’, ‘புருஷன் பாத்துட்டுத்தான் இருக்காரா?’ என்பதில் எந்தச் சொல்லை பிளாக் செய்வீர்கள்? ஒவ்வொன்றும் அன்றாடச் சொல். இந்த வகையை ஃபில்டர் ஒருநாளும் பிடிக்காது, படிக்கிற கண் நொடியில் பிடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலில் வேகம். கண்ணில் பட்டு, மெனு திறந்து, அளவு தேர்ந்து முடிக்க, பழகிய கைக்கே நான்கைந்து நொடி ஆகும். ஒரே ஆள் என்றால் பரவாயில்லை, பத்துக் கணக்குகள் சேர்ந்து வந்தால் துரத்திப் பிடிக்க முடியாது. இரண்டாவது, அந்த அசிங்கத்தை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். பெரும்பாலும் தொகுப்பாளரின் தங்கையோ தோழியோதான் அந்த இடத்தில் இருப்பார். இரண்டு மணி நேர லைவுக்கு மாடரேட்டர் ஒருவரே போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான், வேலைப் பளு அல்ல. மூன்றாவது, மாடரேட்டரின் சொந்த விருப்பு வெறுப்பு. ‘ஆடியோ சரியில்லை, மைக்கை மாத்துங்க’ என்று நாலு தடவை எழுதியவரை மியூட் செய்த மாடரேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் தொல்லை கொடுத்தார் என்பது உண்மை, மைக் சரியில்லை என்பதும் உண்மை.

## வார்த்தை ஃபில்டர்: சொல்லை வாசலிலேயே நிறுத்துவது

யூடியூப் ஸ்டுடியோவின் செட்டிங்ஸில் `Community` பகுதியில் `Blocked words` என்ற பெட்டி இருக்கிறது. அங்கே சேர்க்கும் சொல்லோ அதற்கு மிக நெருங்கிய வடிவமோ உள்ள லைவ் சாட் செய்தி தடுக்கப்படும். வீடியோவின் கீழ் வரும் சாதாரணக் கமெண்டாக இருந்தால், அது பரிசீலனைக்கு நிறுத்திவைக்கப்படும். யாரும் கை வைக்க வேண்டாம், யாரும் படிக்கவும் வேண்டாம். முதல் இரண்டு அளவுகோலிலும் இதுதான் முன்னால் நிற்கிறது.

சிக்கல் மூன்றாவது அளவுகோலில் தொடங்குகிறது. அச்சில் எழுதக்கூடிய ஒரு மென்மையான வசையையே எடுத்துக்கொள்வோம்: நாய். லிஸ்டில் ‘நாய்’ என்று போடுகிறீர்கள். திட்டுகிறவர் யாரும் ‘நாய்’ என்று எழுவாயில் நிறுத்துவதில்லை, ‘நாயே’ என்று விளித்துத்தான் திட்டுவார். கணினிக்கு இவை வேறு வேறு எழுத்து வரிசை. ‘நாய்’ என்பதில் யகரத்துக்குப் பிறகு புள்ளிக்கு ஒரு குறியீடு இருக்கிறது. ‘நாயே’ என்று எழுதும்போது அந்தப் புள்ளி போய், அந்த இடத்தில் ஏகாரக் குறி வந்துவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் ஃபில்டருக்கு ‘நாயே’யில் ‘நாய்’ இல்லவே இல்லை.

சரி, புள்ளியை எடுத்துவிட்டு ‘நாய’ என்று போடலாமே என்று தோன்றும். சாட்டைத் தானாகக் கண்காணித்து அழிக்கும் நிரலான சாட் பாட் ஒன்று சொல்லின் உள்ளே துண்டாகத் தேடுவதாக இருந்து, அதில் இதைப் போட்டால் நாயே அடிபடும். கூடவே நாயகன், நாயகி, நாயன்மார், நாயனம் எல்லாம் அடிபடும். ‘விநாயகர்’ என்ற சொல்லுக்குள்ளும் அதே மூன்று குறியீடுகள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சதுர்த்தியன்று லைவ் போட்டுவிட்டு, வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரின் கமெண்டையும் ஃபில்டர் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பல நேரம் அதைக் கவனிக்கக்கூட முடியாது, ஏனென்றால் பாட் வந்த கமெண்டை உடனே அழித்துவிடும். ‘என்னக்கா, என் கமெண்ட் மட்டும் வரல’ என்று யாராவது வேறு வழியில் சொன்னால்தான் உண்டு.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது வேறு தொல்லை. `nai`, `naai`, `naaye`, `naye` என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். `nai` என்று சுருக்கமாகத் துண்டுத் தேடலில் போட்டால் `chennai`யிலிருந்து எழுதுகிறேன் என்பவர்கள் எல்லாரும் காலி.

இதற்கு ஓரளவு தீர்வு, எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் விவரித்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். யூடியூபின் சொந்தப் பெட்டியில் அதை எழுத முடியாது, நைட்பாட் போன்ற சாட் பாட்களில் எழுதலாம். மேலே சொன்ன சொல்லுக்கு நான் எழுதுவது இப்படி:

```
\bn+a+[iy]+e*\b
நாய[\u0BCD\u0BC7](?!ன)
```

முதல் வரி ஆங்கில எழுத்துக்கு. இருபுறமும் உள்ள `\b` சொல்லின் எல்லையைக் காக்கிறது, ஆகவே `naai`, `naaye` சிக்கும், `chennai` தப்பும். இரண்டாவது வரி தமிழ் எழுத்துக்கு. யகரத்துக்குப் பின்னால் புள்ளியோ ஏகாரமோ வந்தால் மட்டும் பிடி என்கிறது, விநாயகர் தப்பிவிடுவார். கடைசியில் உள்ள அடைப்பு, பக்திப் பாடல்களில் அடியவர் தன்னைத் தாழ்த்திச் சொல்லும் ‘நாயேன்’ என்ற சொல்லை விட்டுவிடுவதற்கு. தமிழ் எழுத்துக்கு `\b` போட்டால் பல நிரல்மொழிகளில் ஒழுங்காக வேலை செய்யாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைத்தான் அவை சொல்லின் பகுதியாக எண்ணுகின்றன. அதனால்தான் இரண்டாவது வரியில் அது இல்லை.

இவ்வளவு செய்தும் `n.a.a.y.e` என்று புள்ளி வைத்து எழுதுகிறவர் நுழைந்துவிடுவார். நாய் வளர்க்கிறவரின் ‘எங்க வீட்டு நாய்க்குக் கொடுக்கலாமா?’ என்ற கேள்வி மாட்டிக்கொள்ளும். ஆகவே என் கருத்து: நாய், பேய், எருமை மாதிரி இரண்டு பக்கமும் புழங்கும் சொற்களை ஃபில்டருக்குக் கொடுக்காதீர்கள். நல்ல விதமாகப் பயன்படுத்தவே வழியில்லாத கெட்ட வார்த்தைகளை மட்டும், அவற்றின் விளி வடிவம், பன்மை, ஆங்கில எழுத்து வடிவங்களோடு கொடுங்கள். சாதிப் பெயர்கள் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. சமையல் சேனலில் அவற்றைத் தடுப்பதால் நட்டமில்லை. சமூக வரலாறு பேசும் லைவில் தடுத்தால் பேசுபொருளையே தடுத்ததாகும்.

ஃபில்டரின் இன்னொரு செலவு லைவ் முடிந்த பிறகுதான் தெரியும். `Blocked words` லிஸ்ட் சேனல் முழுவதற்கும் பொது. இரவு பதற்றத்தில் சேர்த்த சொல் மறுநாளும் அங்கேயே இருக்கும், பழைய வீடியோவின் கீழ் வரும் நல்ல கமெண்டையும் பரிசீலனைக்கு இழுத்துப்போடும். லைவ் நடுவே சேர்த்த ஒவ்வொரு சொல்லையும் தனியே ஒரு தாளில் குறித்துவைத்து மறுநாள் காலை நீக்குங்கள்.

## மூன்றாவது கை: வேகத்தைக் குறைப்பது

`Slow mode` வைத்தால் ஒருவர் இரண்டு செய்திகளுக்கு இடையே குறிப்பிட்ட நொடிகள் காத்திருக்க வேண்டும், 1 முதல் 300 வரை வைக்கலாம். சப்ஸ்கிரைப் செய்து குறிப்பிட்ட காலம் ஆனவர் மட்டும் எழுதலாம் என்றும் வைக்கலாம். இவை வசையை அகற்றுவதில்லை. டைம்அவுட் போடும் கைக்கு அவகாசம் கொடுக்கின்றன. பத்துக் கணக்குகள் ஒவ்வொன்றும் மூன்று நொடிக்கு ஒரு செய்தி வீதம் கொட்டினால் நிமிடத்துக்கு 200 செய்தி. 60 நொடி வைத்தால் அதே கூட்டத்தால் நிமிடத்துக்குப் பத்துதான் முடியும், அதை ஒருவர் சமாளிக்கலாம். விலை, நல்லவர்களின் பேச்சும் அதே அளவு மந்தமாகும்.

கூட்டமாக வந்து தாக்குவது கற்பனை அல்ல. 2021இல் ட்விட்ச்சில் ‘ஹேட் ரெய்டு’ என்ற பெயரில் பாட் கணக்குகள் ஸ்ட்ரீமர்களின் சாட்டில் வெறுப்பைக் கொட்டின. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று பலர் ஒளிபரப்பாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2022 இறுதியில் ட்விட்ச் ஷீல்டு மோட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. முன்கூட்டியே அமைத்துவைத்த கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் போடும் வசதி அது. யூடியூபில் அந்தக் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்தெந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று மாடரேட்டர் முன்பே ஒருமுறை பார்த்துவைத்திருக்க வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டைம்அவுட் | வார்த்தை ஃபில்டர் | மெதுவாக்குதல் |
|---|---|---|---|
| மற்றவர் கண்ணில் படுவது | சில நொடி படும் | சிக்கிய சொல் படாது | படும், குறைவாக |
| கை, கவனம் | தொடர்ந்து ஒருவர் வேண்டும் | முன்தயாரிப்பு மட்டும் | ஒருமுறை மாற்றினால் போதும் |
| சொல் இல்லாத வசை | பிடிக்கும் | பிடிக்காது | பொருந்தாது |
| தவறாக அடிபடுவது | குறைவு, உடனே தெரியும் | அதிகம், பெரும்பாலும் தெரியாது | எல்லாருக்கும் கொஞ்சம் |
| கூட்டத் தாக்குதல் | தாங்காது | ஒரே வாசகம் என்றால் தாங்கும் | தாங்கும் |
| மறுநாள் வேலை | இல்லை | லிஸ்டைச் சுத்தம் செய்ய வேண்டும் | பழைய நிலைக்கு மாற்ற வேண்டும் |

## ஒரு லைவில் வைத்துப் பார்ப்போம்

சதுர்த்திக்கு முந்தைய மாலை, 7 முதல் 8 மணி வரை கொழுக்கட்டை செய்து காட்டும் லைவ் என்று வைத்துக்கொள்வோம். அக்கா மாவு பிசைகிறார், கை முழுக்க மாவு. தம்பி லேப்டாப்பில் மாடரேட்டர். நிமிடத்துக்கு இருபது கமெண்ட்.

7.10க்கு ஒருவர், ‘இந்த வயசுல எதுக்குப் பாட்டி லைவு’ என்கிறார். தம்பி அந்த ஒன்றை நீக்கிவிட்டு விட்டுவிடலாம். அவரே அடுத்து வெல்லப் பாகு பற்றி ஒழுங்காகக் கேள்வி கேட்கவும் கூடும். 7.20க்கு இன்னொருவர் கெட்ட வார்த்தையோடு வருகிறார். ஃபில்டர் நிறுத்துகிறது. அவர் எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்து மறுபடி எழுதுகிறார், அது நுழைந்துவிடுகிறது. தடையைச் சுற்றி வருகிறவர் தெரிந்தே செய்கிறார் என்பதால் இங்கே முதல் தடவையே பெரிய அளவு போடலாம். 30 நிமிடம் போட்டால் 7.50க்கு அவருடைய தடை நீங்கும், லைவ் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும். 24 மணி நேரம் என்றால் அந்தக் கவலை இல்லை. போடுவதற்கு முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட், கணக்கின் பெயரும் நேரமும் தெரிகிற மாதிரி. பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் அழித்த கமெண்டைக் காட்ட வழியிருக்காது.

7.35க்கு ஆறு புதுக் கணக்குகள் சேர்ந்து ‘மாவு மூஞ்சி’ என்று கொட்ட ஆரம்பிக்கின்றன. ஆறு பேரையும் துரத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை, எல்லாரும் ஒரே வாசகம். ஃபில்டர் பயன்படும் நேரம் இது. ஆனால் பதற்றத்தில் ‘மாவு’ என்று மட்டும் சேர்த்தால் கொழுக்கட்டை லைவின் சாட் அத்தோடு செத்துவிடும். இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே தொடராகப் போட வேண்டும், கூடவே `maavu moonji`, `mavu moonji`. அதோடு 30 நொடி மெதுவாக்கல், சப்ஸ்கிரைபர் மட்டும் என்ற கட்டுப்பாடு. பத்து நிமிடம் கழித்து வரத்து நின்றதும் பின்னிரண்டையும் எடுத்துவிடலாம். அந்தத் தொடர் மட்டும் மறுநாள் காலை வரை இருக்கட்டும்.

இத்தனைக்கும் நடுவே அக்கா ஒன்றும் சொல்லாமல் பூரணம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வீடியோ பார்வையாளருக்குச் சில நொடி தாமதமாகத்தான் போய்ச்சேருகிறது, சாட் உடனுக்குடன் ஓடுகிறது. அவர் ‘யாரோ அசிங்கமா எழுதுறாங்க’ என்று சொல்லும் குரல் போய்ச்சேரும்போது கமெண்ட் நீங்கியிருக்கும். அதுவரை பார்க்காதவர்களும் ‘என்னக்கா ஆச்சு?’ என்று வரிசையாகக் கேட்பார்கள்.

சாட்டை வீடியோவின் மேலேயே ஓடவிடுகிறவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே ஒருமுறை வந்த வசை பதிவிலேயே பதிந்துவிடும். சாட்டில் அழித்தாலும் வீடியோவில் அப்படியே இருக்கும். தானாக ஓடும் சாட்டை எடுத்துவிட்டு, மாடரேட்டர் தேர்ந்தெடுத்த கமெண்ட் மட்டும் திரையில் வருகிற முறைக்கு மாறுங்கள்.

## யாருக்கு எது

துணைக்கு ஆளில்லாமல் தனியாக லைவ் நடத்துகிறீர்கள் என்றால் ஃபில்டர்தான். லிஸ்டைக் கடுமையாகவே வையுங்கள், சில நல்ல கமெண்ட் மாட்டினாலும் பரவாயில்லை. ஆரம்பத்திலிருந்தே 15 அல்லது 20 நொடி மெதுவாக்கலும் வைத்துக்கொள்ளுங்கள். டைம்அவுட் போட நீங்கள் குனியும் ஒவ்வொரு முறையும் பார்வையாளருக்குத் தெரிகிறது.

நம்பிக்கையான மாடரேட்டர் ஒருவராவது இருந்தால் தலைகீழாக: லிஸ்டைச் சிறிதாக்கி டைம்அவுட்டை முதன்மையாக்குங்கள். எந்தத் தவறுக்கு எத்தனை நிமிடம் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால் மாடரேட்டர் நடுவில் உங்களைக் கேட்க வேண்டியிருக்காது. அரசியல், சினிமா, கிரிக்கெட் என்று இரண்டு அணி வரும் லைவ்களுக்கும் இதுவே. அங்கே சண்டையில் பாதி கெட்ட வார்த்தை இல்லாமல்தான் நடக்கும்.

எப்படி இருந்தாலும், புது லிஸ்டோடு நேராக லைவ் போகாதீர்கள். அன்லிஸ்டடாக ஐந்து நிமிடம் ஒரு சோதனை லைவ் ஓட்டி, வேறொரு கணக்கிலிருந்து லிஸ்டிலுள்ள சொற்களையும், அன்றைய தலைப்பில் இயல்பாக வரக்கூடிய இருபது முப்பது சொற்களையும் எழுதிப் பாருங்கள். சேனல் உரிமையாளரின் கணக்கிலிருந்தோ மாடரேட்டர் கணக்கிலிருந்தோ எழுதிப் பார்த்தால் சரியான விடை கிடைக்காது, ஃபில்டரும் மெதுவாக்கலும் அவர்களை விட்டுவிடக்கூடும்.